பத்து மணிக்கு ‘இல்லை’ என்று மெசேஜ், பதினொன்றரைக்கு ஆட்டம்: ஒரு தினசரிக் கணக்கு ஒப்பந்தத்தின் கதை

இதில் இரண்டு பேர். ஒருவர் என் கல்லூரி நண்பர், திருப்பூரில் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் கணக்குப் பார்க்கிறார். இன்னொருவன் நான். ஆன்லைன் ரம்மியை விடுவதற்காக அவர் தினமும் எனக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடுவது என்று பேசிக்கொண்டோம். அக்கவுண்டபிலிட்டி பார்ட்னர் என்கிறார்களே, அந்த ஏற்பாடுதான், கணக்குக் கேட்க ஒரு ஆள். முதல் முறை 32 நாள் நடந்து முழுக்கத் தோற்றது. இரண்டாவது முறை நின்றது. இரண்டிலும் அதே இரண்டு பேர், அதே பழக்கம், தினம் ஒரு மெசேஜ். மாறியது அந்த மெசேஜில் எதைச் சொல்வது, எப்போது சொல்வது, சொன்னால் நான் என்ன செய்வது என்பது மட்டும்தான். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், எழுதியதை அவரும் படித்துவிட்டார்.

## பின்னணி

2024 பொங்கல் லீவில், மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் அவர் வீட்டு மாடியில் வைத்து என்னிடம் சொன்னார். மொத்தம் 2,40,000 ரூபாய் கடன். ஒரு லோன் ஆப்பில் 85,000, கிரெடிட் கார்டில் 60,000, மச்சினனிடம் கைமாற்று 50,000, மனைவியின் வளையலை அடகு வைத்தது 45,000. வளையல் விஷயம் மட்டும் மனைவிக்குத் தெரியும், அதுவும் ‘கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போகுது’ என்று சொல்லி வாங்கியது. மாதச் சம்பளம் 26,000.

அந்தச் சமயத்தில் ஆட்டம் சட்டப்படி திறந்தே கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசின் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அந்த நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள், அவற்றுக்கு அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தடை இருந்த மாதங்களில் கொஞ்சம் குறைந்திருந்த கை, தீர்ப்பு வந்ததும் பழையபடி ஆரம்பித்துவிட்டது என்றார். ஆப்பை ஏழெட்டு தடவை அழித்திருக்கிறார். அழிப்பதற்கு ஒரு நிமிஷம் என்றால் திரும்பப் போடுவதற்கும் ஒரு நிமிஷம்தான், பான் கார்டு விவரமெல்லாம் அங்கேயே பத்திரமாக இருக்கும்.

“யார்கிட்டயாவது தினமும் பதில் சொல்லணும்னு இருந்தா விட்டுருவேன் மாப்ள” என்றார். சரி, என்கிட்ட சொல்லு என்றேன். இவ்வளவுதான் எங்கள் முதல் ஒப்பந்தம். மாடியை விட்டு இறங்குவதற்குள் பேசி முடித்துவிட்டோம்.

## முதல் ஏற்பாடு: ஜனவரி 17 முதல் பிப்ரவரி 17 வரை

தினமும் இரவு 10 மணிக்கு நான் ‘இன்னைக்கு விளையாடினியா?’ என்று கேட்பேன், அவர் ‘இல்லை’ அல்லது ‘ஆமா’ என்று போடுவார். வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஆறாவது நாள், ஜனவரி 22, ‘ஆமா, 200’ என்று வந்தது. நான் உடனே போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பேசியிருப்பேன். குழந்தை முகத்தை நினைச்சுப் பாரு, வளையலை நினைச்சுப் பாரு என்று என்னவெல்லாமோ சொன்னேன். நல்லது செய்கிறோம் என்று முழுசாக நம்பித்தான் பேசினேன். அதற்கப்புறம் 26 நாளும் ‘இல்லை’ மட்டும்தான் வந்தது. ‘சூப்பர்டா’, ‘இப்படியே போ’ என்று நானும் பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை காலையில் 3,000 ரூபாய் கேட்டு போன் வந்தது, லோன் தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது என்று. மெசேஜ் சரியாக இருக்கிறது, ஆனால் சம்பளம் வந்து பதினோரு நாளில் கையில் தவணைக் காசு இல்லை. எனக்கு அங்கேதான் இடித்தது. நேரில் போய், கணக்கைக் காட்டு என்றேன். காட்டினார். 32 நாளில் 11 நாள் ஆட்டத்துக்குப் பணம் போயிருக்கிறது, மொத்தம் 14,600. அதில் 9,000 கூட வேலை செய்யும் இரண்டு பேரிடம் வாங்கிய புதுக் கடன்.

## பொய் எங்கே இருந்தது என்று பார்த்தபோது

எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் அவர் கலங்காமல் ஒன்று சொன்னார்: “நீ கேட்டதுக்கு நான் சொன்ன பதில்ல பாதி பொய்யே இல்ல.” அதைக் கேட்டுத்தான், ஸ்டேட்மென்டையும் வாட்ஸ்அப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் நாளாகப் பார்த்தோம்.

11 நாளில் 7 நாள், பணம் போனது இரவு 11 மணிக்கு மேல். அதாவது 10 மணிக்கு ‘இல்லை’ என்று போட்டபோது அவர் விளையாடியிருக்கவில்லை. மனைவியும் குழந்தையும் தூங்கினப்புறம் தான் கை போகும். அடுத்த நாள் 10 மணிக்கு நான் கேட்பது ‘இன்னைக்கு’. நேற்று 11.40க்கு ஆடியது எந்த நாளின் கேள்விக்குள்ளும் வரவில்லை. ஆபத்தான நேரம் தொடங்குவதற்கு முன்பே நாங்கள் கணக்கை மூடிக்கொண்டிருந்தோம். இது அவர் தேடிப்பிடித்த ஓட்டை இல்லை, நானே அடித்துக்கொடுத்த ஓட்டை.

அடுத்தது ‘விளையாடினியா’ என்ற வார்த்தை. காசு வைக்காமல் பயிற்சி ஆட்டம் ஆடுவது, மற்றவர்கள் ஆடும் வீடியோ பார்ப்பது, ஆப்பைத் திறந்து ‘வெல்கம் பேக்’ போனஸ் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது, இதெல்லாம் அவர் கணக்கில் விளையாட்டு இல்லை. இரண்டு நாள், அப்படி இலவசமாக ஆரம்பித்த ஆட்டம் முக்கால் மணி நேரத்தில் 500 ரூபாயில் போய் நின்றிருக்கிறது. வழுக்கல் எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தைப் பற்றி என் கேள்விக்கு அக்கறையே இல்லை.

மீதி நாட்கள் அப்பட்டமான பொய். அதற்கு அவர் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஆய்வில் எனக்கு அதிகம் வலித்ததும் அதிகம் உதவியதும் இதுதான்: “அன்னைக்கு 200க்கு நீ பேசின பேச்சுக்கு அப்புறம், உன்கிட்ட சொல்றதைவிட விளையாடாம இருக்கறது ஈஸின்னு தோணுச்சு. ரெண்டு நாள் இருந்தேன். அப்புறம் பார்த்தா, விளையாடிட்டு சொல்லாம இருக்கறது அதைவிட ஈஸியாப் போச்சு.”

உண்மை சொன்ன ஒரே நாளில் அவருக்குக் கிடைத்தது நாற்பது நிமிஷத் திட்டு. பொய் சொன்ன நாட்களில் கிடைத்தது ‘சூப்பர்டா’. தெரியாமலேயே நான் எதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பாருங்கள்.

## இரண்டாவது ஒப்பந்தம்: பிப்ரவரி 25

ஒரு வாரம் மெசேஜே வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, அடுத்த ஞாயிறு அவர் வீட்டுப் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்தோம். இரண்டரை மணி நேரம், நாலு டீ. ஒரு 40 பக்க நோட்டில் எழுதி, இரண்டு பேரும் தேதி போட்டோம்.

முதலில் நேரத்தை மாற்றினோம். இனி காலை 8 மணி. நேற்றுக் காலை 8 முதல் இன்று காலை 8 வரை 24 மணி நேரத்துக்கான கணக்கு, அதனால் ராத்திரி முழுக்க உள்ளே வந்துவிடும். நான் கேட்க மாட்டேன், அவரே போட வேண்டும். கேட்டால்தான் பதில் என்று இருந்தால், நான் கேட்க மறந்த நாள் அவருக்கு லீவு நாள் ஆகிவிடும்.

மெசேஜ் நாலே வரி. ஒரு நல்ல நாளில் இப்படி வரும்:

பணம் 0
திறந்தது இல்லை
கடன் 0
ஆசை 6, 11.40

‘பணம்’ என்றால் எந்த வழியிலாவது ஆட்டத்துக்குப் போன ரூபாய். ஜெயித்தாலும் தோற்றாலும் உள்ளே போட்ட தொகையைத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘போட்டது 500, வந்தது 700, ஆகவே ஒன்றும் போகவில்லை’ என்ற கணக்கு வந்துவிடும். ‘திறந்தது’ என்பதில் ஆப், வெப்சைட், பயிற்சி ஆட்டம், அடுத்தவர் போனில் எட்டிப் பார்ப்பது, வீடியோ எல்லாம் சேர்த்தி. ‘கடன்’ என்றால் புதிதாக வாங்கிய தொகை, யாரிடம் என்று சொல்லத் தேவையில்லை. ‘ஆசை’ என்பது அந்த 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தது என்று 0 முதல் 10க்குள் ஒரு எண், எத்தனை மணிக்கு என்பதோடு.

நாலாவது வரியை அவர்தான் கேட்டார். விளையாடாத நாள் எல்லாம் ஒரே மாதிரி ‘0, இல்லை, 0’ என்று போனால், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டின ராத்திரியும் சும்மா தூங்கிப்போன ராத்திரியும் ஒன்றாகத் தெரியும், அது நியாயமில்லை என்றார். பின்னால் இந்த வரிதான் எல்லாவற்றையும்விட உபயோகமாக இருந்தது.

எதைச் சொல்ல வேண்டாம் என்பதையும் எழுதினோம். காரணம் வேண்டாம், வருத்தம் வேண்டாம், ‘இனிமேல்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியம் வேண்டாம். காரணம் எழுத ஆரம்பித்தால் மெசேஜ் என்னைச் சமாதானப்படுத்தும் வேலையாக மாறிவிடுகிறது, அப்புறம் நான் நம்புகிற மாதிரி எழுத வரும் வரை மெசேஜே வராது. பேச விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் போன் பண்ணலாம், ஆனால் அது கணக்கில் சேராது.

என் பதில் ‘பார்த்தேன்’ என்ற ஒரே வார்த்தை. நல்ல நாளுக்கும் அதே, கெட்ட நாளுக்கும் அதே. பாராட்டும் கிடையாது. பணம் 0 இல்லாத நாளில் மட்டும் கூடுதலாக ஒரே கேள்வி: ‘இன்னைக்கு ராத்திரி போன் எங்கே இருக்கும்?’ அறிவுரை, குடும்பப் பேச்சு எதுவும் அன்று இல்லை. அதெல்லாம் ஞாயிறு பேக்கரியில்.

அப்புறம் மௌனம். மெசேஜ் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று முதல் ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. இப்போது எழுதினோம்: 9 மணி வரை வராவிட்டால் நான் ஒரு போன், 12 வரை வராவிட்டால் இன்னொரு போன், அதற்கு மேலும் இல்லையென்றால் சாயங்காலம் நேரில் வருவேன். விளையாடிவிட்டார் என்று நானாக முடிவு கட்ட மாட்டேன், நோட்டில் ‘பதில் இல்லை’ என்று மட்டும் எழுதுவேன்.

மனைவியிடம் எப்போது சொல்வேன் என்பதில்தான் ஒரு மணி நேரம் போனது. சொல்லவே கூடாது என்றார். அப்படியானால் நான் உனக்குத் துணை இல்லை, உன் ரகசியத்துக்குக் காவல் என்றேன். கடைசியில் மூன்று இடம் ஒத்துக்கொண்டார்: தொடர்ந்து இரண்டு நாள் மௌனம், ஒரே வாரத்தில் 5,000க்கு மேல் புதுக் கடன், உயிரை விடுவது பற்றி ஒரு வார்த்தை. மூன்றாவதற்கு மட்டும் அவரைக் கேட்காமலேயே சொல்வேன், மற்ற இரண்டுக்கும் முதலில் அவரே சொல்ல ஒரு நாள் அவகாசம். அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ இரண்டு பேர் போனிலும் அப்போதே சேமித்தோம். கடன் பெருகிய சூதாட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சப்படக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பேச்சை எடுத்தபோது அவர் கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார், “டிசம்பர்ல ஒரு நாள் தோணுச்சு” என்றார். அதற்கப்புறம் அந்த நிபந்தனைக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

சரிபார்ப்பு வாரம் ஒரு முறை. இரண்டு வங்கிக் கணக்கு, ஒரு வாலட், கிரெடிட் கார்டு, நாலையும் என் முன்னால் அவரே திறந்து வாரக் கணக்கை விரலால் தள்ளிக் காட்டுவார். ஐந்து நிமிஷ வேலை. பாஸ்வேர்டும் பின் நம்பரும் என்னிடம் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நான் வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கப்புறம் நான் காவல்காரன், என்னைத் தாண்டுவது அவருக்கு இன்னொரு ஆட்டமாகிவிடும்.

கடைசியாக, நானும் மெசேஜ் போடுவது. எனக்குச் சர்க்கரை, மூன்று மாத சராசரி 8.1 வந்திருந்தது. ‘நடை 30, சர்க்கரை டீ 1’ என்று அதே 8 மணிக்கு நானும் இரண்டு வரி. முதலில் இது மரியாதைக்காகத்தான். ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு நாள் பதினெட்டு நிமிஷம் நடந்துவிட்டு ‘நடை 30’ என்று டைப் செய்தேன், அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன், பத்து நிமிஷம் கழித்து அழித்துவிட்டு 18 என்று போட்டேன். அழிப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை, ‘பார்த்தேன்’ என்று போட்டார். பைசா நஷ்டமில்லாத நடைக்கே எனக்கு எண்ணைக் கூட்டத் தோன்றினால், வளையல் அடகில் இருக்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

## முதல் இரண்டு வாரம்: ஆசை வரி காட்டியது

வந்த எண்களை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். வாட்ஸ்அப்பில் ஏழு நாளில் மறையும் செட்டிங் போட்டிருந்தோம், அதனால் நோட்டில்தான் நின்றது. ரம்மி என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை, வெறும் எண்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரிந்தது. வார நாட்களில் ஆசை 3, 4 என்று கிடக்கிறது. சனிக்கிழமை ராத்திரி 8, 9. திருப்பூரில் பனியன் தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளம் சனிக்கிழமை. அவர்தான் ஒவ்வொருவருக்கும் எண்ணி, கவரில் போட்டு, பேர் எழுதிக் கொடுப்பவர். சாயங்காலம் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு, எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, பதினொன்றரைக்கு இருட்டில் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கிறார். இத்தனை வருஷத்தில் இதை அவரே இப்படி இணைத்துப் பார்த்ததில்லை. “டென்ஷன் வந்தா விளையாடுவேன்”னுதான் நினைச்சிருந்தேன் என்றார்.

அதனால் சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு ஏற்பாடு: வீட்டுக்கு வந்ததும் போன் சமையலறையில் மிக்ஸி இருக்கும் மேடையில் சார்ஜில் இருக்கும், காலை வரை படுக்கையறைக்கு வராது. எல்லா நாளைக்கும் இதைப் போட நான் சொல்லவில்லை. ஏழு நாள் காப்பாற்ற முடியாத விதி மூன்றாம் நாளே கழன்றுவிடும், ஒரு நாள் விதி நிற்கும்.

## இரண்டு வழுக்கல்

மார்ச் 17, ஞாயிறு காலை 8.04க்கு வந்த மெசேஜ்: ‘பணம் 1500. திறந்தது ஆம். கடன் 0. ஆசை 9, 12.10.’ போனை மேடையிலிருந்து எடுத்துப் போயிருக்கிறார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. ‘பார்த்தேன். இன்னைக்கு ராத்திரி போன் எங்கே இருக்கும்?’ என்று மட்டும் போட்டேன். ‘பீரோவுக்குள்ள, சாவி மேல் தட்டுல’ என்று பதில் வந்தது. சாயங்காலம் பேக்கரியில் அவர் சொன்னது: கணக்கில் அப்போது 4,000 சொச்சம் இருந்தது, 1,500 போனதும் நிறுத்தினேன், முன்னெல்லாம் ஆரம்பித்தால் பேலன்ஸ் காலியாகாமல் நிறுத்தியதே இல்லை. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். “காலைல இந்த நம்பரை டைப் பண்ணணுமேன்னு வந்துச்சு” என்றார்.

போதை மீள்வு பற்றி வேலை செய்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதை விவரித்திருக்கிறார்: ஒரு தடவை தவறியதைவிட, தவறியதும் வரும் ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்ற நினைப்புதான் ஆளை முழுசாகக் கீழே இழுக்கிறது. ‘விளையாடினியா, ஆமா/இல்லை’ என்ற கேள்வி அந்த நினைப்புக்கு வசதி செய்து கொடுக்கிறது, ஏனென்றால் 50 ரூபாய்க்கும் 5,000க்கும் பதில் ஒன்றே. தொகையைச் சொல்ல வேண்டும் என்றால் 1,500இல் நிறுத்துவதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. ஒரே சம்பவத்தை வைத்து நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதை நான் நம்புகிறேன்.

இரண்டாவது மோசம். ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு, அதுவும் ஞாயிறு. 8 மணிக்கு மெசேஜ் இல்லை. 9 மணிக்கு போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். 12 மணிக்கும் அதே. அவர் மனைவி நம்பரைக் கூப்பிட்டு, வாழ்த்துச் சொல்வது போலப் பேசி, ஆள் வீட்டில்தான் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். “தலைவலின்னு படுத்திருக்காருங்கண்ணா, நைட்டு தூங்கவே இல்ல போல” என்றார் அந்தத் தங்கை. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. ஆனால் எழுதியது இரண்டு நாள் மௌனம் என்று, ஒரு நாள் அல்ல. சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தேன். 4 மணிக்கு மெசேஜ் வந்தது: ‘பணம் 4200. திறந்தது ஆம். கடன் 2000. ஆசை 10, 11.30.’

நேரில் கணக்கைப் பார்த்தபோது அந்த 2,000 எங்கேயும் வரவாகத் தெரியவில்லை. கையில் வாங்கினியா என்றேன். வெகு நேரம் பேசவில்லை. சனிக்கிழமை வேலைக்கு வராத ஒரு தொழிலாளியின் சம்பளக் கவர் அவர் பையில் இருந்திருக்கிறது. அதை எடுத்து, பக்கத்துக் கடையில் கொடுத்து தன் பழைய வாலட் ஒன்றுக்கு அனுப்ப வைத்து, அதன் வழியாக ஆட்டத்துக்குப் போட்டிருக்கிறார். எங்கள் நாலு கணக்குப் பட்டியலில் அந்த வாலட் இல்லை, அவரும் மறந்துபோயிருந்த ஒன்று. அதைக் ‘கடன்’ என்று எழுதியிருந்தார். எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு வேறு வார்த்தை இல்லை.

அன்று நான் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அந்த ஆள் வேலைக்கு வருவதற்குள் கவரில் 2,000 இருக்க வேண்டும் என்று மட்டும் பேசினோம். நான் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை, ஏனென்றால் நான் காசு கொடுக்க ஆரம்பித்தால் மெசேஜில் வரும் ‘கடன்’ வரி எனக்கான விண்ணப்பமாகிவிடும். அவரே அன்று ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒப்பந்தப்படி சொல்லியே ஆக வேண்டிய நிலை இல்லை, கடன் 5,000ஐத் தாண்டவில்லை. பணம் மனைவியின் சேமிப்பு டப்பாவிலிருந்து வந்தது.

## எடுத்த முடிவுகள்

அந்த வாரத்தில் நாலு விஷயம் நடந்தது. மெசேஜில் ஐந்தாவது வரி: ‘அடுத்தவர் பணம்’, அதாவது கம்பெனிப் பணம் ஏதாவது கையில் அல்லது பையில் இரவு தங்கியதா, ஆம்/இல்லை. கொடுக்காமல் மிஞ்சிய கவர்களை அன்றே முதலாளியிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது, இதற்குக் காரணம் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை, நல்ல பழக்கம் என்றே முதலாளி எடுத்துக்கொண்டார். சம்பளம் விழும் கணக்கை, யுபிஐ இணைக்காத ஒரு கூட்டுக் கணக்காக மனைவியோடு சேர்ந்து மாற்றினார்கள்.

நாலாவது, மருத்துவர். தூக்கம் இல்லை, ஆசை 10, அடுத்தவர் கவரைத் தொட்டாயிற்று. இது தினம் ஒரு மெசேஜால் தாங்கக்கூடிய எடை இல்லை என்று அவரிடம் நேராகச் சொன்னேன். நான் எண்ணைப் பார்ப்பவன், சிகிச்சை தெரிந்தவன் இல்லை. 14416க்குப் பேசினார், அப்புறம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மனைவியோடு போனார். அங்கே என்ன பேசினார்கள், என்ன மருந்து என்பதெல்லாம் மெசேஜில் வராது என்றும் சேர்த்து எழுதிக்கொண்டோம்.

மனைவி ஒரு முறை என்னிடம் அந்த நோட்டைக் கேட்டார். கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனாலும் கொடுக்கவில்லை, “அவரையே காட்டச் சொல்லுங்கம்மா, காட்டுவார்” என்றேன். காட்டியிருக்கிறார். மனைவி நேரடியாகப் பார்க்கும் நோட்டு என்று ஆனால் அதில் எழுதும் எண் மாறும் என்ற பயம் எனக்கு இருந்தது.

## பின்னர்

ஜூன் 9 காலை ‘பணம் 500’ என்று ஒரு முறை வந்தது, மௌனம் இல்லாமல், நேரத்துக்கு. அதற்கப்புறம் பணம் வரியில் 0 தவிர வேறு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கணக்குகளும் அதையே சொல்லின. ஆகஸ்ட் கடைசியில் தினசரி மெசேஜை நிறுத்தி, ஞாயிறு காலை மட்டும் என்று ஆக்கினோம். ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமைக்கு மட்டும் தனி மெசேஜ் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். வளையல் 2025 ஜனவரியில் வீட்டுக்கு வந்தது. லோன் ஆப் முடிந்தது, மச்சினனுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி.

2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் நாடு முழுக்கத் தடையானது. பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அவருக்கு அது பெரிய உதவிதான், ஆனால் வெளிநாட்டு சைட் லிங்க்குகள் டெலிகிராமில் வருகின்றன என்று ஒரு ஞாயிறு சொன்னார். ‘திறந்தது’ வரியில் இப்போது அதுவும் சேர்த்தி.

## இனி செய்வதாக இருந்தால்

முதல் மெசேஜுக்கு முன்பே மூன்று மாதக் கணக்கை உட்கார்ந்து பார்ப்பேன். எந்த மணியில் பணம் போகிறது என்பது ஸ்டேட்மென்டிலேயே இருந்தது. அதைப் பார்த்திருந்தால் இரவு 10 மணி என்று வைத்திருக்கவே மாட்டேன்.

கணக்குகளின் பட்டியலை அவர் ஞாபகத்திலிருந்து எழுத வைத்தது தவறு. போனில் பணம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ஆப்பையும் திறந்து, பழைய நம்பரில் இருக்கும் வாலட் உட்பட எழுதியிருக்க வேண்டும். அதேபோல ‘பணம் யாருடையது’ என்ற கேள்வியை, கையில் ரொக்கம் புழங்கும் வேலையில் இருப்பவரிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாரோ என்று எனக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு அந்தத் தொழிலாளியின் வாரச் சம்பளம் கிட்டத்தட்ட விலையாகிப்போனது.

எனக்கு உடம்பு முடியாமல் போனாலோ ஊருக்குப் போனாலோ மெசேஜ் யாருக்கு என்பதையும் எழுதவில்லை. மே மாதம் மூன்று நாள் சிக்னல் இல்லாத ஊரில் இருந்தேன். அவர் மூன்று நாளும் போட்டிருக்கிறார், எல்லாம் ஒற்றை டிக்கில் நின்றிருந்தன. திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ‘பார்த்தேன்’ போட்டேன்.